பிறபொருளெதிரி எப்படி ஒன்றையே தேர்ந்து பிடிக்கிறது: திருகோணமலை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். உப்புவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று நாலா பக்கமிருந்தும் வருகிறார்கள். நிர்ப்பீடனப் பாடம் தொடங்கிய கிழமையே, கிருமியையும் நஞ்சையும் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதமான பிறபொருளெதிரி பற்றிய இந்தக் கேள்விகளும் தொடங்கிவிடும். வகுப்பில் அவசரமாகச் சொல்லிவிட்டு வந்ததை இங்கே ஆறுதலாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன.

சேர், கவட்டை மாதிரி ஒன்றைக் கீறுகிறோம். அதற்குள் உண்மையில் என்ன இருக்கு?

நாலு புரதச் சங்கிலிகள் இருக்கின்றன. இரண்டு நீளமானவை, அவை பாரச் சங்கிலிகள். இரண்டு கட்டையானவை, அவை இலேசான சங்கிலிகள். இரத்தத்தில் மிக அதிகமாக உள்ள ஐ.ஜி.ஜி வகையை எடுத்தால், பாரச் சங்கிலி ஒன்றில் ஏறத்தாழ 450 அமினோ அமிலங்கள், நிறை சுமார் 50,000 தால்தன். இலேசான சங்கிலியில் ஏறத்தாழ 215 அமினோ அமிலங்கள், நிறை சுமார் 25,000. இரண்டு இரண்டாகக் கூட்டிப் பாருங்கள், 150,000 வரும். ஐ.ஜி.ஜியின் நிறையும் அதுதான்.

சங்கிலி என்றவுடன் தொங்கும் கயிறு போல நினைக்க வேண்டாம். ஏறத்தாழ 110 அமினோ அமிலங்களுக்கு ஒரு தரம் சங்கிலி மடிந்து ஒரு சிறு பொட்டலம் ஆகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் இரண்டு மடிப்புத் தகடுகள் முகம் பார்த்து நிற்கும். அவை விலகாமல் நடுவில் ஓர் இருசல்பைட்டுப் பிணைப்பு தைத்து வைத்திருக்கும். இலேசான சங்கிலியில் இப்படி இரண்டு பொட்டலம், ஐ.ஜி.ஜியின் பாரச் சங்கிலியில் நாலு.

இலேசான சங்கிலியின் இரண்டு பொட்டலங்களும் பாரச் சங்கிலியின் முதல் இரண்டோடு தோள் உரசி நிற்கின்றன. அதுதான் கவட்டையின் ஒரு கிளை. மிச்சமுள்ள இரண்டு பாரப் பொட்டலங்களும் மற்றப் பாரச் சங்கிலியின் இரண்டோடு சேர்ந்து கைபிடி ஆகின்றன. ஆகவே கைபிடியில் இலேசான சங்கிலி கிடையாது. கிளையும் கைபிடியும் சேரும் இடம் வளைந்து கொடுக்கும், அதைப் பிணையல் என்று சொல்லலாம். இரண்டு பாரச் சங்கிலிகளையும் சேர்த்துக் கட்டும் இருசல்பைட்டுப் பிணைப்புகள் அங்கேதான் இருக்கின்றன.

பிணைக்கும் இடம் பாரச் சங்கிலியிலா, இலேசான சங்கிலியிலா?

இரண்டிலும். கீறும்போது நிறையப் பேர் இலேசான சங்கிலியின் நுனியில் மட்டும் ஒரு பள்ளம் போட்டுவிடுகிறார்கள். அது பிழை. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் பாரச் சங்கிலியின் முதல் பொட்டலமும் இலேசான சங்கிலியின் முதல் பொட்டலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பிறபொருளெதிரிக்குப் பிறபொருளெதிரி வேறுபடுவது இந்த இரண்டு முதல் பொட்டலங்கள்தான், ஆகவே இவை மாறும் பிரதேசங்கள். பிணைக்கும் இடம் இவை இரண்டும் சேரும் விளிம்பில் அமைகிறது.

வகுப்பில் நான் செய்து காட்டுவது இது. இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று விரல்களை மட்டும் நீட்டுங்கள். ஆறு விரல் நுனிகளாலும் ஒரு தேசிக்காயைப் பிடியுங்கள். இடக்கை இலேசான சங்கிலி, வலக்கை பாரச் சங்கிலி. உள்ளங்கைகள் இரண்டும் தகடுகள், அவை பெரிதாக மாறுவதில்லை. காயைத் தொடுவது விரல் நுனிகள்தான். உண்மையான மூலக்கூறிலும் தகடுகளின் ஓரத்தில் பொட்டலத்துக்கு மூன்று வளையங்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

நாலு சங்கிலி இருக்கு என்று யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஒருவர் வெட்டிப் பார்த்தார், மற்றவர் அவிழ்த்துப் பார்த்தார். வெட்டியவர் ரொட்னி போர்ட்டர். 1959இல் அவர் முயலின் பிறபொருளெதிரியைப் பப்பேன் நொதியத்தால் வெட்டினார். பப்பேன் நமது வளவுகளில் நிற்கும் பப்பாசிக் காயின் பாலில் இருக்கும் நொதியம்தான். இறைச்சி மெதுவாக வேகட்டும் என்று பப்பாசிக்காய்த் துண்டு போடுவார்களே, அங்கும் வேலை செய்வது இதுவே. வெட்டியபோது கிட்டத்தட்ட ஒரே அளவான மூன்று துண்டுகள் கிடைத்தன. இரண்டு துண்டுகள் பிறபொருளெதிரியாக்கியை, அதாவது பிறபொருளெதிரி தேடிப் பிடிக்கும் பொருளைப் பிடித்தன, அவற்றுக்கு ஃபாப் என்று பெயர். மூன்றாவது எதையும் பிடிக்கவில்லை, ஆனால் குளிரில் வைத்தபோது பளிங்காகியது, அது எஃப்.சி. கவட்டையின் இரண்டு கிளைகளும் ஒரு கைபிடியும் என்று இப்போது நமக்கு விளங்குகிறது.

பளிங்காகியதே ஒரு தடயம். ஒரே மாதிரியான மூலக்கூறுகள் மட்டுமே ஒழுங்காக அடுக்கிப் பளிங்காகும். முயலின் இரத்தத்தில் எத்தனையோ விதமான பிறபொருளெதிரிகள் கலந்திருந்தும் கைபிடித் துண்டு பளிங்கானது என்றால், கைபிடி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. கிளைகள் ஆகவில்லை என்றால், வேறுபாடு முழுவதும் கிளைகளில்தான் இருக்க வேண்டும்.

அவிழ்த்தவர் ஜெரால்ட் எடல்மன். இருசல்பைட்டுப் பிணைப்புகளை இரசாயன முறையில் உடைத்து, சங்கிலிகளைத் தனித்தனியாகப் பிரித்தார். அப்போதுதான் பாரம், இலேசு என்ற இரண்டு வகை தெரிந்தது. இருவருக்கும் 1972இல் நோபெல் பரிசு கிடைத்தது.

மாறும் பிரதேசம் என்றால் அந்த 110 அமினோ அமிலமும் மாறுமா?

இல்லை. இதை 1970இல் வூ, கபாட் என்ற இருவர் மிக எளிய கணக்கால் காட்டினார்கள்.

முதலில் அவர்களுக்கு ஒப்பிடுவதற்குச் சங்கிலிகள் தேவைப்பட்டன. சாதாரண இரத்தத்தில் எல்லாம் கலந்திருப்பதால் ஒன்றைத் தனியே எடுக்க முடியாது. ஆனால் மைலோமா என்ற புற்றுநோயில் ஒரே ஒரு கலம் பெருகி, ஒரே பிறபொருளெதிரியை மலைபோல் உற்பத்தி செய்யும். உபரியான இலேசான சங்கிலிகள் சிறுநீரில் வெளியேறும். ஒவ்வொரு நோயாளியின் சிறுநீரும் ஒரு தூய சங்கிலியைத் தரும்.

கிடைத்த வரிசைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் கண்டார்கள். அந்த இடத்தில் எத்தனை வகை அமினோ அமிலங்கள் வருகின்றன என்று எண்ணி, அதை அதிகம் வரும் அமினோ அமிலத்தின் பங்கால் பிரிப்பதே கணக்கு. எல்லாச் சங்கிலியிலும் ஒரே அமினோ அமிலம் வந்தால் 1 ÷ 1 = 1. 20 வகையும் சமமாக வந்தால் 20 ÷ (1/20) = 400. இடையில் ஓர் உதாரணம்: ஓரிடத்தில் 5 வகை வருகிறது, அதிகம் வருவது பாதிச் சங்கிலிகளில் இருக்கிறது என்றால் 5 ÷ 0.5 = 10.

இலேசான சங்கிலிக்கு இதை வரைபடமாகக் கீறினால் பெரும்பாலான இடங்கள் தரையோடு கிடக்கும். மூன்று இடங்களில் மட்டும் மலை எழும்பும்: ஏறத்தாழ 24–34, 50–56, 89–97. பாரச் சங்கிலியிலும் அதே கதை. இந்த மூன்று மலைகளும்தான் வளைந்து மடிந்தபின் விரல் நுனிகளாக நிற்பவை. ‘இவைதான் பிறபொருளெதிரியாக்கியைத் தொடும்’ என்று அவர்கள் எழுதியபோது, தொடுவதை ஒருவரும் கண்ணால் கண்டிருக்கவில்லை. ஒரு முழுப் புரதத்தைத் தொடுவதைக் கண்டது 16 வருடம் கழித்து.

பிறபொருளெதிரியாக்கியோடு அவ்வளவு சரியாகப் பொருந்துவது எப்படி? கண்டவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் மற்ற எதையும் வாசிக்காவிட்டாலும் இதை மட்டும் ஆறுதலாக வாசியுங்கள்.

கோழிமுட்டை வெள்ளைக்கருவில் லைசோசைம் என்ற சிறிய புரதம் இருக்கிறது, 129 அமினோ அமிலங்கள். அதற்கு எதிராக எலியில் உண்டாக்கிய டி1.3 என்ற பிறபொருளெதிரியின் ஃபாப் துண்டையும் லைசோசைமையும் சேர்த்துப் பளிங்காக்கி, எக்ஸ் கதிர் பாய்ச்சி, பரிசில் பொல்ஜாக்கின் குழு 1986இல் அணுக்களின் இருப்பிடங்களை வெளியிட்டது. ஒரு பிறபொருளெதிரி ஒரு முழுப் புரதத்தைப் பிடித்திருப்பதை உலகம் முதன்முதலில் பார்த்த படம் அது.

என்ன தெரிந்தது? ஆறு வளையங்களும் லைசோசைமைத் தொட்டன. தொடும் பரப்பு ஒரு சின்னக் குழி என்று பலர் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை. ஏறத்தாழ 2 நனோமீற்றருக்கு 3 நனோமீற்றர் அளவான, ஓரளவு தட்டையான முகம். அதில் மேடு பள்ளம் உண்டு. இவர் மேடாக இருக்கும் இடத்தில் அவர் பள்ளமாக இருக்கிறார். பிறபொருளெதிரியின் 17 அமினோ அமிலங்கள் லைசோசைமின் 16ஐத் தொடுகின்றன.

அந்த 16ம் சங்கிலியில் அடுத்தடுத்து இருப்பவையல்ல. ஒரு பகுதி 18க்கும் 27க்கும் இடையில், மற்றது 116க்கும் 129க்கும் இடையில். நீட்டி வைத்தால் ஒன்றுக்கொன்று எட்டாத தூரம். மடிந்தபின் பக்கத்து வீட்டுக்காரர். ஆகவே பிறபொருளெதிரி வாசிப்பது எழுத்து வரிசையை அல்ல, மடிந்த முகத்தை. லைசோசைமின் சங்கிலி அவிழ்ந்துபோனால் அதே அமினோ அமிலங்கள் அப்படியே இருந்தும் டி1.3க்கு அடையாளம் தெரியாது.

இப்போது ஓர் அமினோ அமிலத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். லைசோசைமின் 121ஆம் இடத்தில் ஒரு குளுட்டமின். அதன் பக்கச் சங்கிலி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பிணையும்போது அது இரண்டு மாறும் பிரதேசங்களுக்கும் நடுவில் உள்ள ஒரு சிறு பொந்துக்குள் நுழைகிறது. ஒரு பக்கத்தில் இலேசான சங்கிலியின் தைரோசினும் திரிப்தோபனும், மறுபக்கத்தில் பாரச் சங்கிலியின் ஒரு தைரோசின். அந்த அகன்ற வளையத் தகடுகள் குளுட்டமினைச் சூழ்ந்துகொள்கின்றன. நமது தேசிக்காயில் ஒரு காம்பு நீட்டிக்கொண்டிருந்து, அது இரண்டு கைகளின் இடுக்கில் போய் இருப்பது போல.

சரி, இனி வான்கோழி முட்டையை எடுப்போம். அதிலும் லைசோசைம் உண்டு, அதே மடிப்பு, அதே வேலை. சில அமினோ அமிலங்கள் மட்டும் வேறு. 121ஆம் இடத்தில் குளுட்டமினுக்குப் பதிலாக ஹிஸ்டிடின் இருக்கிறது. ஹிஸ்டிடினின் பக்கச் சங்கிலி ஒரு வளையம், அந்தப் பொந்துக்குள் அதே விதமாக இருக்க மாட்டாது. விளைவு, கோழியின் லைசோசைமை இறுக்கிப் பிடிக்கும் டி1.3 வான்கோழியுடையதைப் பிடிப்பதில் மிகவும் பலவீனமாகிவிடுகிறது. நமக்கு இரண்டு வெள்ளைக்கருவும் ஒன்றுபோலத்தான் தெரியும். டி1.3க்கு அந்தக் காம்பு ஒன்றே போதும், வேறுபாடு தெரிந்துவிடுகிறது.

ஏன் ஒரு காம்புக்கு இவ்வளவு கனதி? பிடித்து வைத்திருக்கும் விசைகள் எல்லாம் மெல்லியவை: ஐதரசன் பிணைப்புகள், வந்தர்வாலிசு கவர்ச்சிகள், நீரை விட்டு ஒதுங்கும் பகுதிகள் ஒன்று சேர்வது. பங்கீட்டுவலுப் பிணைப்பு ஒன்றுகூட இல்லை. வந்தர்வாலிசு கவர்ச்சி தூரம் கூடக் கூட மளமளவென்று குறைந்துபோகும். முகங்கள் இரண்டும் ஒட்டி நிற்கும்போது மட்டுமே இந்தச் சின்ன விசைகள் டசின் கணக்கில் சேர்ந்து பலமாகும். நடுவில் ஒரு பொருந்தாத அணுக்கூட்டம் வந்து இரண்டு முகங்களையும் சற்றே தள்ளிவைத்தால், அது மட்டும் போகாது, பக்கத்தில் இருந்தவையும் சேர்ந்து தளர்ந்துவிடும்.

அப்ப பூட்டும் திறப்பும் என்று எழுதினால் சரியா?

எழுதலாம், பிழையில்லை. ஆனால் இரும்புத் திறப்பு வளையாது, இது கொஞ்சம் வளையும். டி1.3இல்கூட பிணைந்தபின் இரண்டு மாறும் பிரதேசங்களும் ஒன்றையொன்று நோக்கிச் சிறிதளவு நகர்கின்றன. முகங்களுக்கு இடையில் மிஞ்சிய சிறு இடைவெளிகளில் நீர் மூலக்கூறுகள் நின்று இரண்டு பக்கத்தையும் இணைக்கின்றன. வேறு சில பிறபொருளெதிரிகளில் வளையங்கள் இன்னும் கூடுதலாக அசையும். கைகுலுக்கும்போது விரல்கள் மற்றவர் கைக்கேற்ப இசைந்து கொடுப்பதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கை இருக்குத்தானே. ஒரு கையால் டெங்கு வைரசையும் மற்றதால் வேறு கிருமியையும் பிடிக்காதா?

பிடிக்காது. இரண்டு பிணைப்பிடங்களும் ஒரே அச்சு. பிறபொருளெதிரியை உண்டாக்குவது பி நிணநீர்க்கலம். அப்படி ஒரு கலம் பாரச் சங்கிலிக்கு ஒரு பரம்பரையலகையும் இலேசான சங்கிலிக்கு ஒன்றையும் மட்டும் பாவிக்கிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டில் ஒன்று வேலை செய்யத் தொடங்கியதும் மற்றது அடைபட்டுவிடும். இரண்டு பாரச் சங்கிலியும் ஒன்று, இரண்டு இலேசான சங்கிலியும் ஒன்று, ஆகவே இரண்டு நுனியும் ஒன்று.

அப்படியென்றால் இரண்டு எதற்கு? ஒரு வைரசின் மேற்பரப்பில் ஒரே புரதம் நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப இருக்கும். ஒரு கை நழுவினாலும் மறுகை பிடித்திருக்கும், நழுவிய கை திரும்பவும் பிடிக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, பரீட்சைக்கு வேண்டாம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. ஐ.ஜி.ஜி 4 என்ற உபவகை இரத்தத்தில் சுற்றும்போது தன் பாதியை இன்னொன்றின் பாதியோடு மாற்றிக்கொள்கிறது. அதனால் அதன் இரண்டு கைகளும் வேறு வேறாகிவிடுகின்றன.

ஒன்றுக்கு ஒன்றுதான் பொருந்தும் என்றால் டெங்குப் பரிசோதனையில் ஏன் சிலவேளை பிழையாக வருகிறது?

பிறபொருளெதிரி பார்ப்பது முழுக் கிருமியை அல்ல, 16 அமினோ அமிலம் அளவான ஒரு சிறு முகத்தை என்று மேலே கண்டோம். வேறொரு கிருமியில் கிட்டத்தட்ட அதே முகம் இருந்தால் அதையும் பிடிக்கும், கொஞ்சம் தளர்வாக. டெங்குவின் நாலு வகைகளுக்கும், யப்பானிய மூளைக்காய்ச்சல் வைரசுக்கும் உறைப்புரதத்தில் ஒத்த பகுதிகள் உண்டு. முன்பு அவற்றில் ஒன்று வந்தவரின் இரத்தம், அல்லது மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டவரின் இரத்தம், டெங்குவுக்கான பிறபொருளெதிரிப் பரிசோதனையில் டெங்கு இருப்பதாகக் காட்டலாம். காய்ச்சலின் முதல் நாட்களில் வைரசின் என்.எஸ்.1 புரதத்தையே தேடுவதற்கு ஒரு காரணம் இது. இன்னொரு காரணம், அந்த நாட்களில் உடல் இன்னும் போதிய பிறபொருளெதிரியை உண்டாக்கியிருக்காது.

உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்த எங்களிடம் அவ்வளவு பரம்பரையலகு இருக்கா?

இல்லை, துண்டுகள் இருக்கின்றன. பாரச் சங்கிலியின் மாறும் பிரதேசத்துக்கு மனிதரில் ஏறத்தாழ 40 வீ துண்டுகள், 23 டீ துண்டுகள், 6 ஜே துண்டுகள். ஒவ்வொரு பி கலமும் ஒவ்வொன்றை எடுத்து ஒட்டிக்கொள்கிறது. 40 × 23 × 6 என்றால் 5,520. இலேசான சங்கிலியின் தெரிவுகளாலும் பெருக்கினால் இலட்சங்களுக்குப் போகும். ஆனால் பெரிய வேறுபாடு ஒட்டும் இடத்தில் வருகிறது. அங்கே சில எழுத்துகள் வெட்டுப்படும், சில புதிதாகச் சேரும், எந்தத் திட்டமும் இல்லாமல். அந்த ஒட்டு விழும் இடம்தான் பாரச் சங்கிலியின் மூன்றாவது வளையம். ஆறு விரல்களிலும் மிக அதிகமாக மாறும் விரல் அதுவாக இருப்பதற்குக் காரணம் இது.

பாம்புக்கடிக்கு ஏற்றும் மருந்தும் இதுதானாமே? அப்ப ஏன் எல்லாப் பாம்புக்கும் வேலை செய்யாது?

தம்பலகாமத்துப் பிள்ளை ஒருவர் கேட்டது. அவரது மாமா வயலில் கடிபட்டு, மருந்து ஏற்றவில்லையே என்று வீட்டில் எல்லோரும் கோபப்பட்டிருக்கிறார்கள்.

குதிரைக்கு நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் பிறபொருளெதிரியை எடுத்துத்தான் அந்த மருந்தைச் செய்கிறார்கள். பல தயாரிப்புகளில் அதைப் பெப்சின் நொதியத்தால் வெட்டுகிறார்கள். பப்பேன் பிணையலுக்கு மேலே வெட்டுவதால் கைகள் தனித்தனியாகின. பெப்சின் பிணையலுக்குக் கீழே வெட்டும், ஆகவே இரண்டு கைகளும் சேர்ந்தபடியே மிஞ்சும், கைபிடி மட்டும் சிதைந்து போகும். நஞ்சைப் பிடிக்கக் கைகள் போதும். குதிரையின் கைபிடி மனித உடலில் தேவையில்லாத எதிர்வினைகளைக் கிளப்பக்கூடியது, அதனால் அதை அகற்றுவது நல்லது. இருந்தும் ஒவ்வாமை வரலாம். மருத்துவமனையில் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து ஏற்றுவது அதனால்தான்.

இங்கே பாவிக்கும் இந்திய மருந்து நாலு பாம்புகளின் நஞ்சுக்கு எதிரானது: நாகபாம்பு, கட்டு விரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை விரியன். குதிரை கண்டது அந்த நாலின் புரதங்களின் முகங்களைத்தான். மாமாவைக் கடித்ததோ மூக்கு மேடான சிறிய குழிவிரியன், சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். இலங்கையில் அதன் கடி அடிக்கடி நடப்பது. அதன் நஞ்சிலும் விரியன் இனத்துப் புரதங்கள்தான் இருக்கின்றன, ஆனால் முகங்கள் வேறு. கோழிக்கும் வான்கோழிக்கும் ஒரு காம்பில் வந்த வேறுபாடு இங்கே பல இடங்களில் வருகிறது. அந்த மருந்தின் கைகள் பிடிக்க மாட்டா. ஏற்றினால் பயன் இல்லாமல் ஒவ்வாமை ஆபத்து மட்டும் மிஞ்சும். வைத்தியர் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே ஏற்றாமல், இரத்தம் உறைகிறதா, சிறுநீர் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இது.

அந்தப் பிள்ளையின் வீட்டில் பாம்பைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். எந்தப் பாம்பு என்று உடனே தெரிந்தது அதனால்தான். தூர நின்று எடுத்த ஒரு படம் போதும், பாம்பைப் பிடிக்கவோ அடித்துக் கொண்டுபோகவோ தேவையில்லை. மாமா நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.